நாள் சொல்லாத மன்னிப்பு

காஜா பேராங்கில் தையல் கடை வைத்திருக்கும் இந்திராணி, சேலை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வாட்சப் ஒலித்தது. புக்கிட் காதிலில் இருக்கும் தோழி தனலட்சுமிதான். "சாரிலா ராணி, இன்னிக்கு வர முடியல." இது நான்காவது முறை.

இந்திராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய செய்திகளையெல்லாம் தேடிப் படித்தாள். முதல் இரண்டு முறை, "அம்மாவுக்குக் காய்ச்சல், புதன்கிழமை வரட்டா?" என்று தனமே வேறு நாள் கேட்டிருந்தாள், சொன்னபடி வந்துமிருந்தாள். பிந்திய இரண்டிலும் வெறும் மன்னிப்புதான். ஆறு மாதமாகச் சந்திப்போமா என்று முதலில் கேட்டவளும் இந்திராணி மட்டுமே.

ஆனாலும் தனம் விலகுகிறாள் என்று நினைக்க மனம் ஒப்பவில்லை. அம்மாவுக்கு இன்னும் முடியவில்லையோ? "கோவமில்ல தனம். அம்மா எப்படி? உனக்குத் தோதான நாள நீயே சொல்லு, வரேன்," என்று எழுதினாள்.

நீல டிக் உடனே விழுந்தது. பதில் மூன்றாம் நாள்தான் வந்தது: "அம்மா நல்லா இருக்காங்க. பிறகு பார்ப்போம்லா."

இரண்டு வாரம் பொறுத்தாள். தனம் நாள் சொல்லவில்லை. இந்திராணியும் மறுபடி கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை, இருவரும் சந்திப்பதாக இருந்த பண்டார் ஹிலிருக்குத் தனியாகப் போய்த் தேநீர் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டாள்.