அம்மன் முன்னால் விழுந்த முடிச்சு

செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கடற்கரை நிலங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் ஒப்பந்த வேலை. மதுராந்தகத்திலிருந்து தினமும் ரயிலில் வருவேன். படியேறும்போதே எனக்கு எரிச்சல் வந்துவிடும். மேலே ஏசி ஓடாது, ஜன்னலைத் திறந்தால் கீழே மெஷின் சத்தம். என்றாலும் வேலை பிடித்துத்தான் இருந்தது. கோடு நேராக இருந்தால் எனக்கு மனசும் நேராக இருக்கும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடப்பாக்கம் போகும் வழியில் உள்ள மீனவக் குப்பங்களின் எல்லையைக் குறிப்பதுதான் அந்த வருடத்து வேலை. எல்லைக்குள் இருக்கும் வீடுகள் குப்பத்தின் பழைய குடியிருப்பு என்று பதிவாகும். சுவர் இடிந்தால் கட்டிக்கொள்ளலாம், கூரை மாற்றலாம். எல்லைக்கு வெளியே, கட்டடம் கட்டத் தடையுள்ள கரைப் பட்டைக்குள் விழுந்தால் அது பிற்பாடு முளைத்த ஆக்கிரமிப்பு. அகற்றச் சொல்லி நோட்டீஸ் வரும். ஒரு கோடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் மொத்த விஷயமும்.

அந்தக் குப்பத்துக்கு நான்தான் போனேன். ஊர்க்காரர் ஒருவர் ஜிபிஎஸ் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மூலைக் கற்களில் நின்று புள்ளி எடுக்க வேண்டும், நாங்கள் கூடவே நடக்க வேண்டும் என்பது விதி. ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் வந்தார். ரோட்டுப் பக்கத்து வடக்கு மூலையில் ஆரம்பித்தோம். அங்கிருந்து கடல் பக்கத்து வடக்கு மூலை. அடுத்து கரையோரமாகவே தெற்கே நடந்தால் மூன்றாவது கல். ஆனால் அவர் திரும்பி ஊருக்குள் நடந்தார்.

"இன்னாங்க, கரை வழியா போவலாம்ல?" என்றேன். அங்கே போய்ப் போய் எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டியிருந்தது.

"அம்மா கீறா. அவ கடலப் பாத்துகினு கீறா. அவ எதிர்ல நாங்க குறுக்கால போவ மாட்டோம்மா."

கரையில், இரண்டு மூலைகளுக்கும் நடுவே, சின்ன அம்மன் கோயில். கடலைப் பார்த்த வாசல். வாசலுக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள மணலில் ஒரு காலடிகூட இல்லை. படகு கட்டுவதில்லை, வலை உலர்த்துவதில்லை. கடலுக்குப் போகிறவர்களும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். நாங்களும் கோயிலின் பின்பக்கமாகத் தெருவோடு போனோம். தெரு எங்களை ரோட்டுப் பக்கத்துத் தெற்கு மூலையில் கொண்டுவிட்டது. அங்கே புள்ளி எடுத்தோம். கடைசியாகக் கடல் பக்கத்துத் தெற்கு மூலை. வேலை முடிந்தது.

கோயிலுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த முதல் வரிசையில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாள் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். மீன் விற்கிறவள். புருஷன் போய்விட்டான், மகள் கல்யாணமாகி முட்டுக்காட்டில் இருக்கிறாள். தினமும் விடிந்ததும், எதிரே போகாமல் பக்கவாட்டில் நின்றே அம்மன் வாசலைப் பெருக்கிக் கோலம் போடுவது அவள்தான். சம்பளம் கிடையாது, யாரும் சொல்லவும் இல்லை. "அவ ஒண்டியா கீறா, நானும் ஒண்டியா கீறேன்" என்றாள். என் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

புள்ளிகளை எடுத்த வரிசையிலேயே இணைத்தால் என்ன வரும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. வடக்குப் பக்கம் நேர்க்கோடு. பிறகு குறுக்காக ஒரு கோடு. தெற்குப் பக்கம் நேர்க்கோடு. பிறகு இன்னொரு குறுக்குக்கோடு. இரண்டு குறுக்குக்கோடுகளும் ஊரின் நடுவே வெட்டிக்கொள்ளும். சதுரமாக இருக்க வேண்டிய ஊர் உடுக்கை மாதிரி ஆகிவிடும். களக் குறிப்பில் இதை எழுதி, மூன்றாவது நான்காவது புள்ளிகளை இடம் மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வேறு தாலுகா வேலைக்குப் போய்விட்டேன். அந்தத் தாளை எங்கள் டீம் லீடர் எடுத்துக்கொண்டார்.

அவர் குறிப்பைப் படிக்கவில்லை. கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் எல்லாக் குப்பங்களையும் கரைப் பட்டையின் மேல் வைத்து, எது உள்ளே எது வெளியே என்று பிரிக்கும் இன்டர்செக்‌ஷன் ஓட்டியிருக்கிறார். ஒரு குப்பத்தின் பாலிகன், அதாவது எல்லை வடிவம், செல்லாது, சரி செய்துவிட்டு வா என்று அது பாதியில் நின்றிருக்கிறது. செல்லாத வடிவங்களைத் தானாகச் சரிசெய்ய ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸ் என்றொரு கருவி இருக்கிறது. எல்லாக் குப்பங்களின் வடிவங்களையும் மொத்தமாக அதில் போட்டார். மறுபடி ஓட்டினார். ஓடிவிட்டது. அவருக்கு அவ்வளவுதான்.

அந்தக் கருவிமேல் எனக்குக் கோபமில்லை. கோடு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளக் கூடாது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். வெட்டும் இடத்தில் ஒரு புது முனையை வைத்து, உடுக்கையை இரண்டு முக்கோணங்களாகப் பிரித்துக் கொடுத்தது. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. கணக்குப்படி அது செல்லுபடியாகும் வடிவம். அங்கே ஊர் எப்படி இருக்கிறது என்பதை அது யாரிடம் போய்க் கேட்கும்? கேட்டிருக்க வேண்டியவர் மனுஷன்.

ரோட்டுப் பக்கம் ஒரு முக்கோணம் ஊரிலிருந்து விழுந்தது. அதில் தண்ணீர் டேங்கும் ரேஷன் கடையும்தான், யாருக்கும் நஷ்டமில்லை. கடல் பக்கத்து முக்கோணமும் விழுந்தது. அதில் முதல் வரிசை வீடுகள். நடுவில் கோயில். அம்மனுக்காகச் சுற்றிப் போனார்கள், அந்த அம்மனே ஊருக்கு வெளியே போய்விட்டாள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, டீ கொடுத்த அந்த அம்மாள் போன் பண்ணியபோதுதான்.

"மேடமா? கதவுல தாள் ஒட்டிட்டு போய்ட்டாங்க. என் வூடு ஊர்ல இல்லியாம். அப்போ எங்க கீது?"

நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். டீம் லீடரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். "இது ரெண்டு நிமிஷ வேலை சார். புள்ளி வரிசையை மாத்தினா ஊர் திரும்பி வந்துடும்."

அவருக்கு முகம் வெளிறிவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். இருவரும் சேர்ந்து துறை அதிகாரியிடம் போனோம். அதிகாரி நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டார். ஆனால் பிடி கொடுக்கவில்லை. "நோட்டீஸ் போயாச்சு. இப்ப ஆபீஸ்ல உக்காந்து புள்ளியை மாத்தினோம்னு நான் எப்படி எழுதுவேன்? நாளைக்கு யாராவது கேட்டா? புதுசா நடந்து வாங்க. மூலை மட்டும் போதாது, முழு எல்லையும் விடாம ஒரே தடமா பதிவாகணும். ஊர்க்காரங்கதான் நடக்கணும்."

முழு எல்லையும் என்றால் கரையோரமும்தான். கோயில் வாசலுக்கு எதிர் மணலும்தான். அதைச் சொன்னேன். அவர் கையை விரித்தார். என் எரிச்சலையெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு படியிறங்கினேன். சண்டை போட்டிருந்தால் ஒப்பந்தம் போயிருக்கும், நோட்டீஸ் ரத்தாகியிருக்காது.

குப்பத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். முதலில் நடந்த பெரியவர் கருவியைத் தொடவே மாட்டேன் என்றார். "வூடு போனா போவட்டும்னு சொல்லல. ஆனா நா போவ மாட்டேன்" என்றார். மற்ற ஆண்கள் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசை வீட்டுக்காரர்களும் அப்படியே. விதியை மீறி நானே நடக்கிறேன் என்றேன். வெளியாள் நடந்தால் இன்னும் பாவம் என்றார்கள்.

மீன் விற்கும் அந்த அம்மாள் எழுந்து வந்தாள். "குடு, நா போறேன்."

யாரும் போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ரோட்டுப் பக்கம் ஆரம்பித்து அவள் விறுவிறுவென்று நடந்தாள். கூடையோடு நடந்து பழகிய கால். கடல் பக்கத்து மூலையில் செருப்பைக் கழற்றி வைத்தாள். நாங்கள் அங்கேயே நின்றுவிட்டோம். கருவியை மார்போடு பிடித்துக்கொண்டு அவள் மட்டும் அந்த மணலில் போனாள். கோயில் வாசலுக்கு நேர் எதிரே நின்றாள். நெடுநேரம் நின்றாள். அம்மன் பக்கம் திரும்பினாளா, கடல் பக்கம் திரும்பினாளா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. பிறகு நடந்து தெற்கு மூலைக்குப் போய், ரோட்டுப் பக்கமாகச் சுற்றி வந்து, கருவியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று டீ இல்லை.

மறுநாள் அந்தத் தடத்தைத் திரையில் ஏற்றிப் பாலிகன் ஆக்கினேன். வடிவம் செல்லுமா என்று பார்க்கும் செக் வேலிடிட்டியை ஓட்டினேன். கோடு தன்னைத்தானே வெட்டுகிறது என்று மறுபடியும் ஒரு சிவப்புப் புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கோடு ஒழுங்காகத்தான் ஓடியிருந்தது. கோயில் வாசலுக்கு எதிரே மட்டும் நூல் சிக்கினாற்போல ஒரு முடிச்சு. ஆள் ஒரே இடத்தில் நின்றாலும் ஜிபிஎஸ் சும்மா இருக்காது. இங்கே அங்கே என்று புள்ளிகளைச் சிதறப் போட்டுக்கொண்டே இருக்கும், கோடு தன்மேலேயே பின்னிக்கொள்ளும். அவள் நின்ற நேரம் முழுக்க அங்கே கிடந்தது.

ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸைத் தட்டியிருந்தால் அந்த முடிச்சு கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உடைந்து, கரைப் பட்டையோடு பொருத்தும்போது படம் முழுக்கக் குப்பையாக விழுந்திருக்கும். நான் தட்டவில்லை. புள்ளிகளைக் கையால் திருத்தும் வெர்டெக்ஸ் டூலை எடுத்து அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து அழித்தேன். அழிக்க அழிக்க எனக்கு அழுகை வந்தது. டீம் லீடர் பார்த்துவிட்டுப் போய் எனக்கு ஒரு காப்பி வாங்கி வந்தார். வாசலுக்கு எதிரே கோடு நேராகிவிட்டது, யாரும் அங்கே நிற்கவே இல்லை என்பது மாதிரி. செக் வேலிடிட்டி பிழை இல்லை என்றது. இன்டர்செக்‌ஷன் ஓடியது. அவள் வீடு உள்ளே வந்தது, முதல் வரிசை முழுவதும் வந்தது, கோயிலும் வந்தது.

நோட்டீஸ் ரத்தான தாளைக் கொடுக்க நானே போனேன். மழை வரும் போலிருந்தது, கடல் ஈய நிறத்தில் கிடந்தது. கோயில் வாசலில் சருகும் மணலும் அப்படியே சேர்ந்திருந்தன. கோலம் இல்லை. அவள் வீட்டில் பலகையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி, ஈரக்கை படாமல் ஓரத்தைப் பிடித்து அலமாரியில் வைத்தாள்.

"வேற யாராச்சும் பெருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"பெருக்கலாம். யாரும் வரல."

"நீங்க போவலியா?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "வூடு உள்ள வந்துச்சும்மா. ஆனா அவ மூஞ்சில முழிக்க முடில. காலைல முன்னால வந்தா பக்கத்துலயே அவ வாசல்தான் கீது. அதான் பின்கதவால போய்கினு கீறேன்."