‘ஒரே பார்வை’ குறைத்த மதிப்பெண்

பார்த்த மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிடுவதால் அந்த மருத்துவப் பேராசிரியைக்கு ‘ஒரே பார்வை’ என்று பட்டப்பெயர். அது அவர் காதில் தேனாகத்தான் விழுந்தது.

அன்று மாணவர்கள் ஒரே நோயாளியைப் பற்றி எழுதிய குறிப்புகளைத் திருத்தினார். அந்த நோயாளிக்கு இருமலில் ரத்தம், எக்ஸ்ரேயில் நுரையீரல் உச்சியில் நிழல். ஒரு மாணவி புகைப்பழக்கம் உட்பட எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டு எழுதி, ‘காசநோயாக இருக்கலாம், சளிப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்காமல் புற்றுநோயை விலக்க முடியாது’ என்று முடித்திருந்தாள். ‘வழவழா கொழகொழா’ என்று ஓரத்தில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார். ‘காசநோயேதான்’ என்று எழுதியவனுக்கு அள்ளிக் கொடுத்தார்.

அதே குறிப்புகளை இரண்டாவதாகத் திருத்திய இளைய மருத்துவர் அந்த மாணவனின் தாளோடு தயங்கியபடி வந்தார்.

“மேடம், இவன் புகைப்பழக்கத்தைக் கேக்கவே இல்ல. சளி ரிசல்ட்டும் வரல. எத வச்சு உறுதியா எழுதினான்?”

“காசநோய்தானே அது?”

“இருக்கலாம். ஆனா இன்னும் நமக்கே தெரியாதே, மேடம்.”

பேராசிரியைக்கு முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு மதிப்பெண்களையும் திருத்திவிட்டு, தாளோடு வார்டில் இருந்த அந்த மாணவியிடம் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள், தாளின் ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அவளே முந்திக்கொண்டாள்.

“சாரி மேடம். உங்கள மாதிரி அடிச்சுச் சொல்ல எனக்கு வரல. அடுத்த தடவ தைரியமா எழுதிடறேன்.”

“வேண்டாம்மா, இப்படியே எழுது. தப்பு என்னோடது” என்றார். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.