அடித்துவிட்டு நிற்பவர்

என் கணவருக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கோணல் தையலோ கீறலோ இல்லையென்றால்தான் கையை விட்டு அனுப்புவார். அந்தக் குணத்தை மனுஷர் டேபிள் டென்னிஸ் மேஜைக்கும் கொண்டு வந்துவிட்டார். ஒரு பந்தை அடித்தால் அது எங்கே விழுந்தது, எப்படி எழும்பியது என்று பார்த்தபடி அங்கேயே நிற்பார்.

தனியாக ஆடினால் அது அவர் பாடு. இரட்டையர் ஆட்டத்தில் அவர் ஒன்று அடித்தால் அடுத்ததை நான் அடித்தாக வேண்டும். எதிராளிகள் விவரமானவர்கள், அவர் நிற்கிற இடத்துக்கே பந்தைத் திருப்பித் தள்ளுவார்கள். அவர் முதுகைச் சுற்றி நான் எட்டிப் பார்ப்பதற்குள் பந்து சுவரில் இருக்கும்.

போன வருஷம் கம்பெனியில் குடும்ப விளையாட்டு விழா வைத்தார்கள். கல்லூரியில் ஆடியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு பேட்டைத் தொட்டதில்லை. தம்பதிகளுக்கான அந்தக் கோப்பை எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும். அதனால் சாயங்காலங்களில் கேன்டீனுக்குப் பக்கத்து ஹாலில் அவரைப் பிடித்து வைத்தேன்.

"முட்டிய லேசா மடக்குங்க. காலு தோள விட அகலமா இருக்கட்டும். குதிகால்ல பாரம் போடாதீங்க."

"இப்டியே குந்திக்கவா?"

"குந்த வேணாம். பேட்டத் தொடைல தொங்க விடாம முன்னால தூக்கிப் புடிங்க. அடிச்ச உடனே பின்னால ஒதுங்கி எனக்கு வழி விடுங்க. காலப் பின்னிக்காம, பக்கவாட்டுல சின்னச் சின்னதா வைங்க."

"அடி சரியா வுழுந்துச்சான்னு பாக்க வேணாமா?"

"வுழலன்னா அவங்களே சொல்வாங்க. பேஜார் பண்ணாதீங்க. லைன்ல அடுத்த ஷூ வந்துனே இருக்கு, கைல இருக்கறத விடுங்க."

அது அவருக்கு ஏறியது. ஒதுங்க ஆரம்பித்தார். நல்ல அடி ஒன்று விழுந்தால் மட்டும் சிலையாகிவிடுவார். அப்படியும் இப்படியுமாக இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம்.

எதிரே அக்கவுண்ட்ஸ் பிரிவுக்காரரும் அவர் மனைவியும். கடைசி செட். இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டம் அவர்களுடையது. வலது மூலைக்கு வந்த பந்தை என் கணவர் ஓங்கி ஒரு அடி அடித்தார். அத்தனை அழகான அடியை அவர் அதற்கு முன் அடித்ததே இல்லை. போச்சு, இனி நகர மாட்டார் என்று நினைத்தேன்.

நகர்ந்தார். அடித்த கை முன்னுக்குத் திரும்பியது. கால் பின்னாமல், சின்னச் சின்ன அடியாக எனக்குப் பின்னால் போய், முட்டி மடங்கி, குதிகால் தரையில் அழுந்தாமல், அடுத்த பந்துக்குத் தயாராக நின்றார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. மெதுவாகத் திரும்பி வந்த பந்து, அவர் காலி செய்த இடத்தில் ஒருமுறை எழும்பி, என்னைத் தாண்டிப் போனது.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது பைபாஸ் முழுக்க அவர் பேச்சு ஓயவில்லை.

"இன்னா மாதிரி ஒதுங்கினேன், பாத்தியா?"

"பாத்தேன். அதனாலதான் தோத்தோம்."