மீந்த முட்டைக் குழம்பு

விடுதி மாணவர்கள் சமையல்காரருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'இடி'. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரப் பெருமைதான். இருபது வருடமாக நூற்றைம்பது பேருக்குச் சமைக்கிற மனிதர். முதலில் அவர் கை பேசும், அதற்குப் பிறகுதான் வாய். அந்தக் கையால் அதிகமாக அடி வாங்கியவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. முப்பது வயது ஆள். ஐந்து வருடமாக அதே சமையலறையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பில் ஒருவன் மேசை மேலேயே வாந்தி எடுத்தான். பதினொன்றுக்குள் முப்பத்தோரு பேர் விழுந்துவிட்டார்கள். கழிவறை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவர்களை மற்றவர்கள் தோளில் சுமந்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். முந்தின இரவு மீந்த முட்டைக் குழம்பைக் காலையில் ரொட்டியோடு சாப்பிட்டவர்கள்தான் அத்தனை பேரும்.

"குழம்புல என்ன போட்டீங்க?" வார்டன் கத்திக்கொண்டே சமையலறைக்குள் வந்தார்.

"நான் போட்டதா? தளதளன்னு கொதிக்க வெச்சுத்தான் குடுத்தேன் சார். எந்தக் கிருமி அதுல உயிரோட இருக்கும்? முட்டைதான் கெட்டது. அந்த முட்டைக்காரன் அழுகல தள்ளிவிட்டிருக்கான்."

சொல்லி முடிப்பதற்குள் முட்டைக்காரனின் மூன்று சக்கர வண்டி வாசலில் வந்து நின்றது. தினமும் அவன் வருகிற நேரம் அதுதான். எதுவும் தெரியாமல் இரண்டு முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி இறங்கினான்.

இடி அவனுடைய சட்டையைப் பிடித்தார். கன்னத்தில் விட்ட முதல் அறையிலேயே அட்டைகள் கீழே விழுந்தன. "புள்ளைங்கள கொல்லப் பாத்தியேடா!" என்று அவர் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. நண்பர்களை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டுக் கொதித்துப்போய் நின்ற மாணவர்களுக்கு அது போதும். பத்துப் பதினைந்து பேர் பாய்ந்தார்கள். வண்டியைக் கவிழ்த்தார்கள். உடைந்த முட்டைகளில் வழுக்கி விழுந்தவனை எழவிடாமல் மிதித்தார்கள். "அண்ணே, நேத்து வந்த முட்டைண்ணே, நல்ல முட்டைண்ணே" என்று அவன் இடியின் காலைக் கட்டிக்கொண்டான். அவர் காலை உதறினார். யாரோ இரும்புக் கம்பியால் அவன் முழங்கையில் போட்டார்கள். எலும்பு முறிந்த சத்தம் இடிக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் தடுக்கவில்லை.

மூன்று மணிக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். குட்டையான உருவம், தோளில் ஐஸ் பெட்டி. அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த குழம்பைச் சுரண்டி ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"நேத்து ராத்திரி இதே குழம்ப எத்தன பேரு சாப்பிட்டாங்க?"

"நூத்தி இருபது பேருக்கு மேல."

"அதுல யாருக்காவது வாந்தி?"

இடி யோசித்தார். "இல்லம்மா."

"அப்ப முட்டை கெட்டதில்லையே. கெட்டிருந்தா ராத்திரியே விழுந்திருப்பாங்க. ராத்திரிக்கும் காலைக்கும் நடுவுல இந்தக் குழம்புக்கு என்ன ஆச்சு, அதச் சொல்லுங்க."

கவிழ்ந்த வண்டியும் முட்டைக் கூழில் ஆள் கிடந்ததும் இடியின் கண்ணுக்குள் வந்து போயின. "மூடி வெச்சோம். அடுப்புத் திட்டுமேல. அண்டா ஃபிரிட்ஜுக்குள்ள நுழையாதும்மா. காலைல நல்லா கொதிக்க விட்டேன். சத்தியமா கொதிச்சுது."

"கொதிச்சிருக்கும். நான் இல்லைன்னு சொல்லல. ஒரு வகைக் கிருமி இருக்கு, புண்ணுலயும் மூக்குலயும் குடியிருக்கும். அது சாப்பாட்டுல விழுந்து, ராத்திரி முழுக்க வெதுவெதுப்பு கெடச்சுதுன்னா பெருகி விஷத்தக் கக்கி வெச்சிரும். காலைல நீங்க கொதிக்க வெக்கும்போது கிருமி சாகும். கக்குன விஷம் சாகாது. ரெண்டு மூணு மணி நேரத்துல வயித்தப் புரட்டிரும். இங்க அதான் நடந்திருக்கும்னு தோணுது. ஆய்வு முடிவு வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். சமைச்சதுக்கு அப்புறம் குழம்புல யாரு கைய வெச்சது?"

பரிமாறிய பாத்திரங்களில் மீந்ததையெல்லாம் அண்டாவில் சேர்ப்பது மச்சானின் வேலை. கரண்டி பட்டால் முட்டை உடைந்துபோகும் என்று கையாலேயே அள்ளிப் போடுவான். அப்படிச் செய்யச் சொல்லிப் பழக்கியதும் இடிதான்.

பின்கட்டில் குழாயடியில் மச்சான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான், இடது கையால். வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. இடி போய் அந்தக் கையைப் பிடித்துத் துணியைப் பிரித்தார். கடைசிச் சுற்று சதையோடு ஒட்டியிருந்தது. பிய்த்ததும் அவன் அலறினான். கட்டைவிரல் கத்தரிக்காய் போல் வீங்கி, நகத்தோரம் பிளந்து சீழ் வழிந்தது.

சனிக்கிழமை பால் பொங்கி வழிந்ததற்காக இரும்புக் கரண்டியால் இடி அடித்த அடி அது.

"ஏன்டா சொல்லல? கை இப்படி இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா வேலைக்கு டிமிக்கி குடுக்கிறியான்னு இன்னொரு அடி விழும், மாமா." அவன் தலை நிமிரவில்லை. "போன தடவ அப்படித்தான விழுந்துச்சு."

வழக்கமாக அந்தப் பதிலுக்கே கை ஓங்கியிருக்கும். இடி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு மச்சானைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போய் அந்த அம்மாவின் முன்னால் நிறுத்தினார். "இவன் கைதான்மா. ஆனா இவன் மேல தப்பில்ல. அடிச்சது நான். அந்தக் கையோட வேலை வாங்குனதும் நான்தான்."

அம்மா பஞ்சால் சீழை ஒற்றி இன்னொரு குப்பியில் போட்டு மூடினார். "மொதல்ல இவர ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. விரல் போயிடும்."

மச்சானைப் பின்வாசல் வழியாக ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு இடி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் முட்டைக்காரனைப் போலீசில் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்று மாணவர்கள் அங்கே கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் முட்டைல ஒண்ணுமில்லப்பா. என் அடுப்படியிலதான் தப்பு. நான்தான் பொய்யா கைகாட்டினேன்."

கம்பியால் அடித்தவனுக்குத்தான் முகம் முதலில் மாறியது. "உன் பேச்சக் கேட்டுத்தானே ஒரு மனுஷன் கைய ஒடச்சேன்!" என்று கையிலிருந்த எவர்சில்வர் தட்டை வீசினான். தட்டின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. அடுத்து பெஞ்சு வந்தது. இடி கீழே விழுந்தார். விலாவில் உதை விழுந்தபோது மூச்சு நின்று திரும்பியது. முட்டைக்காரன் செய்ததைப் போலவே தன் கைகளும் யாருடைய காலையோ கட்டிக்கொள்வதை அவர் பார்த்தார். வார்டனும் காவலாளியும் வந்து இழுத்துப் போடும்போது அவருக்கு இரண்டு விலா எலும்பு உடைந்திருந்தது.

நான்காம் நாள் ஆய்வு முடிவு வந்தது. குழம்பிலும் புண்ணிலும் ஒரே கிருமிதான். பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் தேறி விடுதிக்குத் திரும்பியிருந்தார்கள்.

நெஞ்சில் கட்டுடன் இடி முட்டைக்காரனின் வார்டுக்குப் போனார். முழங்கையில் கம்பி வைத்து மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையிலிருந்த கஞ்சியை அப்படியே அவர் முகத்தில் வீசினாள். சூடு. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன், தம்பி. மொத அடி என்னோடதுன்னு."

"குடுத்தா என்ன?" முட்டைக்காரன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்க கால்ல விழுந்தேன். உதறினீங்க. போங்க."

மச்சானின் விரல் பிழைத்தது. நகம் மட்டும் போய்விட்டது. அவன் சமையலறைக்குத் திரும்பவில்லை. வேறு ஒரு விடுதியில் வேலை கிடைத்துவிட்டதாக அக்காவிடம் மட்டும் சொன்னான். எந்த விடுதி என்று கேட்டு இடி இரண்டு முறை அவனுக்குப் போன் செய்தார்.

"எதுக்கு மாமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு முறையும் அவன் வைத்துவிட்டான்.