கண்கட்டும் இரண்டு வாள்களும்

பாளையங்கோட்டை மாடி அறையில் பதினைந்து வருடமாக டாரோ என்னும் படச் சீட்டு வைத்துப் பலன் சொல்கிறேன். கல்யாணப் பெண்கள் வந்தால் மட்டும் எனக்கு இப்போதும் பயம். முகூர்த்தம் குறித்து, பத்திரிகை அடித்து, கடைசியில்தான் என்னிடம் வருவார்கள். கேட்க வருவது ஒரே ஒரு வார்த்தை, நல்லது.

அன்றைக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் அங்கே ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்து தரும் கடை வைத்திருக்கிறாள். ஆறு பெண்கள் அவளிடம் தைக்கிறார்கள். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது.

"பொருத்தமெல்லாம் பாத்தாச்சு. பிள்ள சோறு திங்க மாட்டேங்கா. நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க" என்று படியிலேயே என் காதில் சொன்ன அம்மா, உட்கார்ந்ததும் சீட்டுக்கட்டைத் தானே எடுத்துக் கலைக்கப் போனார். ஜோசியரிடம் பெரியவர்கள்தானே ஜாதகத்தை நீட்டுவார்கள், அந்தப் பழக்கம். நான் வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு, அம்மாவைக் கீழே அனுப்பினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. யாருக்காகக் கேட்கிறோமோ அவர்தான் கலைக்க வேண்டும், இந்த விஷயத்தில் எனக்கும் தாட்சண்யம் கிடையாது.

"கல்யாணம் நல்லா நடக்குமாக்கா?"

அப்படிக் கேட்டால் சீட்டு பதில் சொல்லாது. 'இந்தக் கல்யாணத்தில் நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன்?' என்று கேள்வியை மாற்றினோம். அவள் கலைத்து, இடது கையால் மூன்றாகப் பிரித்து அடுக்கினாள். எந்த இடம் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டு நாலு சீட்டு வைத்தேன். அவள், அவன், இருவருக்கும் நடுவில் இருப்பது, செய்ய வேண்டியது.

அவளுக்கு வந்தது இரண்டு வாள். கண்ணைக் கட்டிக்கொண்டு, நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு வாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பெண். அவனுக்குக் காசு ஏந்திய குதிரைவீரன். குதிரை நகராது, ஆனால் நம்பலாம். நடுவில் நிலா. வழி இருக்கிறது, வெளிச்சம் அரைகுறை, தெரிவதெல்லாம் வேறு உருவமாகத் தெரியும். கடைசியில் ஒற்றை வாள், அதாவது தெளிவான பேச்சு.

பூசி மெழுகிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முன்பு ஒருத்திக்கு அப்படித்தான் மெழுகினேன். வருடம் திரும்புவதற்குள் கல்யாணம் முறிந்து வந்து, "அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சுதுல்லா?" என்று கேட்டாள். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதல் சீட்டைக் காட்டினேன். "இந்தப் பொண்ணு கைய யாராவது கட்டிருக்காவளா?"

பார்த்தாள். "இல்ல. கண்ண மட்டுந்தான்."

"ஒனக்குச் சந்தேகம் இருக்கு, தாயி. கல்யாணம் வேண்டாம்னு சீட்டு சொல்லல. அவரு மேல குத்தமும் சொல்லல. நீ எதையோ கேக்காம மூடி வச்சிருக்க. கை சும்மாத்தான இருக்கு, கண்கட்ட நீயே அவுக்கலாம்."

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சொன்னாள்: "கல்யாணத்துக்கப்புறம் என் கட என்ன ஆவும்னு தெரியலக்கா. அம்மாகிட்ட கேட்டேன். அம்மா மாமாகிட்ட கேட்டா. மாமா மாப்பிள்ள வீட்டுல பேசிட்டு, பாத்துக்கிடலாம்னு சொல்லிட்டாவ."

"அவருகிட்ட?"

"நிச்சயம் முடிஞ்சா பெரியவங்கதானே பேசணும்."

கடைசிச் சீட்டைப் பைய அவள் பக்கம் தள்ளினேன். போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டாள்.

"நான் கடைய மூட மாட்டேன். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மாப்பிள்ளையின் குரல் எனக்கும் கேட்டது.

"ஒங்க மாமால்லா, கல்யாணத்தோட பிள்ள கடைய விட்டுரும்னு எங்க வீட்டுல சொன்னாவ! இவ்வளவு நல்லா நடக்கத ஏன் விடுதான்னு நானே யோசிச்சுக்கிட்டு கெடந்தேன். ஒன்கிட்ட கேட்டா தப்பா நினைப்பியோன்னு விட்டுட்டேன்."

மாப்பிள்ளை வீட்டார் கேட்காததை, அவர்கள் மனம் குளிரட்டும் என்று மாமாவே தாரை வார்த்திருக்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"திருநெல்வேலில வீடு பாப்போம். நீ அம்பாசமுத்திரம் பஸ் ஏறு, நான் தூத்துக்குடி பஸ் ஏறுதேன்" என்றான் அவன்.

அம்மா மேலே வந்து விஷயத்தைக் கேட்டதும் என்னை முறைத்தார். "நல்லது சொல்லச் சொன்னா, சந்தேகத்தக் கெளப்பி விட்டுருக்கீங்களே! எங்க அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"மாமாகிட்டயும் நானே பேசிக்கிடுதேன்மா."

எட்டாம் நாள் கல்லிடைக்குறிச்சி மண்டபத்துக்குப் போனேன். முதல் வரிசையில் அந்த ஆறு தையல் பெண்களும் ஒரே நிறப் புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடை ஏறியதும் மணப்பெண் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து, மாமா உட்பட எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:

"எனக்குச் சந்தேகம் இருக்குன்னு சொன்ன அக்கா இவங்கதான்!"

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான். நிமிர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.