மயங்கி

மைன்ஸ் தொழிலாளியின் மகள் ஆசிஃபா, விடுமுறைக்கு நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்றுதான் ஆய்வகத் தோழி சரிதாவின் கட்டுரை வெளியானது. அதிலிருந்தது ஆசிஃபாவின் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஆண் பழ ஈக்களுக்கு மரபணுவைச் சிதைக்கும் ரசாயனத்தை ஊட்டி, மறைந்த குறை வெளிப்பட மூன்றாம் தலைமுறை வரை வளர்த்து, ஆறாயிரம் வம்சங்களைச் சூட்டில் சோதித்தவள் ஆசிஃபா. மயங்கி விழுந்தது ஒரே வம்சம். அதில் பழுதான மரபணுவைத் தேடிக் கண்டுபிடித்து, ஈயின் குறையையே பெயராக்கும் வழக்கப்படி 'மயங்கி' என்று பெயரிட்டாள்.

சரிதாவோ கதையைத் தலைகீழாக்கியிருந்தாள். யாரும் ஆராயாத 'மயங்கி' மரபணுவைத் தானே தேர்ந்தெடுத்து, வெட்டி நீக்கிய பிறகுதான் ஈ மயங்குவதைக் கண்டாளாம்.

ஆசிஃபா போன் செய்தாள். "வெட்டறதுக்கு முன்னாடியே அதுக்கு மயங்கினு யாரு பேரு வெச்சது, சரிதா?"