உங்களுக்கு மட்டும் என்று போட்டிருந்த தாள்

சேத்தூர் ஜெயக்கொடிக்கு, எழுதின தாள் ஏதாவது கையில் கிடைத்தால் வாய் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவள். அதிகாரம், வசன எண் எதையும் விடாமல் கணீரென்று வாசித்துவிட்டுத்தான் உட்காருவாள். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு அவள் காலை வாரிவிட்டது.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட்டில் வேலை பார்த்து, பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். அவள் படிக்கிற விற்பனைப் பயிற்சியில் தேறினால் அங்கே வேலை, தேறாவிட்டால் மறுபடி தூசிதான்.

கடைசித் தேர்வு ஒரு நடிப்பு. ஜெயக்கொடி கடைக்காரி, கூடப் படிக்கிற விக்னேஷ்வரன் வாடிக்கையாளர். ஆளுக்கொரு தாள் கொடுத்தார் ஆசிரியை செலினா. மேலே இருவருக்கும் பொதுவான காட்சியும் ஆளுக்கொரு முதல் வசனமும்; மீதி சொந்தப் பேச்சு. அடியில் கட்டம் போட்டு, ‘உங்களுக்கு மட்டும்’. அதை மனதுக்குள் வாசிக்க வேண்டும், எதிராளிக்குத் தெரியக் கூடாது.

விக்னேஷ்வரன், நடிப்புக்கென்று கொடுத்திருந்த சட்டையை மேசையில் வைத்தான். காலரில் அழுக்கு, விலைச்சீட்டு இல்லை, அக்குளில் தையல் பிரிந்திருந்தது.

“அக்கா, சட்டை சரியில்ல. பணத்தத் திருப்பிக் குடுங்க.”

“வாங்க தம்பி, என்ன கோளாறுன்னு பாப்போம்” என்று வாசித்த ஜெயக்கொடி அதோடு நிற்கவில்லை. “உங்களுக்கு மட்டும். போட்ட சட்டைக்குப் பணம் தராதீர்கள். தையல் கோளாறு என்றால் வேறு சட்டை தரலாம். அதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்.”

வகுப்பு வயிறு வலிக்கச் சிரித்தது. பாவி வாய், கெடுத்துவிட்டதே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நிறுத்தாதீங்க. கடையிலயும் வாய் தவறும்” என்றார் செலினா.

ஜெயக்கொடி தாளைக் கவிழ்த்து வைத்தாள். “என் குட்டு வெளிப்பட்டுப் போச்சு தம்பி. இனி நீங்களும் சொல்லலாம், கோவிச்சுக்க மாட்டேன். எங்க போட்டுட்டுப் போனீய?”

மரியாதையாகக் கேட்டால் மட்டுமே போட்டதை ஒத்துக்கொள்ளுங்கள் என்று அவன் தாளில் இருந்தது. “ஒரு கல்யாணத்துக்குப் போட்டேங்க்கா. அங்கயே தையல் பிரிஞ்சிருச்சு. நெசத்துக்குப் பணம் வேணாம். இண்டர்வியூக்குப் போட்டுக்க நல்ல சட்டையில்ல.”

அவள் அக்குளைப் பிரித்துப் பார்த்தாள். துணி கிழியவில்லை, தையல்தான் விட்டிருந்தது. “போட்டதுக்குப் பணம் தர ஏலாது. தையல் எங்க தப்பு. இதே அளவுல வேற எடுத்துக்கோங்க.”

“இம்புட்டுத்தான் விசயம்” என்றார் செலினா. “ரெண்டு தாள்லயும் பாதிப் பாதி இருக்கு. கேட்டாத்தான் சேரும். மத்தவங்க எல்லாம் பணமா, இல்லையான்னு சண்டை போட்டே முடிச்சாங்க. வாசிச்சதுக்கு மார்க் கொறைச்சிருக்கேன். ஆனா தேறிட்டீங்க.”

அப்பாடா என்று ஜெயக்கொடி விட்ட மூச்சு கடைசி பெஞ்சு வரை கேட்டது. செலினா ஜவுளிக்கடையின் வேலை உத்தரவில் அவள் பெயரை எழுதி நீட்டினார். அதையும் அவள் பெயரிலிருந்து தேதி வரை சத்தமாகத்தான் வாசித்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற இடம் வந்தபோது அவள் குரல்தான் உடைந்தது.